புதன்கிழமை பக் பேஷ்: நடத்தும் முறையும், வியாழன் காலை டிக்கெட் பிரிப்பும்

ஜாப் ஒர்க் ஆப் குழுவில் உள்ள அனைவருக்கும், டெஸ்டிங் பிரிவிலிருந்து.

இரண்டாம் பதிப்பு இந்தப் புதனிலிருந்து 12 நாள் கழித்து, திங்கட்கிழமை வெளியாகிறது. திங்களைத் தேர்ந்தெடுத்ததே சனிக்கிழமைச் சம்பளத்துக்காகத்தான். திருப்பூரிலும் பெருந்துறையிலும் பீஸ் ரேட் கூலி வாரக் கடைசியில் கையில் போக வேண்டும். திங்கள் வெளியிட்டால் முதல் சம்பளக் கணக்கு வருவதற்குள் ஐந்து நாள் கிடைக்கும். அதற்கு முன் மிச்சமிருக்கும் பிழைகளை எல்லோரும் சேர்ந்து ஒரே மதியத்தில் தேடி எடுப்பதே புதன்கிழமை வேலை. எத்தனை பிழை கிடைத்தது என்பதை வைத்து அந்த மதியத்தை அளக்கப் போவதில்லை. வியாழன் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு நிலையும், ஒரு ஆளும், ஒரு தேதியும் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

செவ்வாய் மாலைக்குள் தயாராக வேண்டியவை

`2.0.0-rc3` பில்டு செவ்வாய் மாலை 6 மணிக்குப் பூட்டப்படும். அதன் பிறகு வியாழன் மதியம் வரை ஸ்டேஜிங்கில் யாரும் எதையும் ஏற்றக் கூடாது, ஒரு வரித் திருத்தமாக இருந்தாலும். நடுவில் பில்டு மாறினால் 3.15க்குப் பார்த்த பிழை 3.40க்கு இருக்காது. அது சரியாகிவிட்டதா, மறைந்துகொண்டதா என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும்.

தரவு, ஒரு யூனிட்டின் ஆறு மாதப் பதிவு. பெயர், போன் எண், ஜி.எஸ்.டி. எண் எல்லாம் மாற்றப்பட்டிருக்க வேண்டும். எஸ்.எம்.எஸ். இணைப்பு அணைந்திருப்பதை நம் போன் எண் ஒன்றைப் போட்டு அனுப்பிப் பார்த்து உறுதி செய்யுங்கள். செட்டிங்ஸில் அணைத்ததாகக் காட்டுவது போதாது. "உங்கள் துணி 250 கிலோ வந்தது" என்று சோதனைச் செய்தி நிஜப் பார்ட்டிக்குப் போனால் அடுத்த அரை மணி நேரம் சப்போர்ட் போன் ஓயாது.

போன்கள் ஏழு. அவற்றில் குறைந்தது நான்கு, 3 ஜிபி ராம் உள்ள பழைய ஆண்ட்ராய்டாக இருக்கட்டும். செக்கிங் டேபிளில் கிடக்கும் போன் அந்த ரகம்தான், நம் மேசையில் இருப்பது அல்ல. 58 மி.மீ. ப்ளூடூத் பிரின்டர் இரண்டு, பேப்பர் ரோல் நான்கு.

புதன் 2.30 முதல் 5.00 வரை

மொத்தம் 14 பேர், ஏழு ஜோடி. திருப்பூர் யூனிட் ஒன்றிலிருந்து இரண்டு சூப்பர்வைசர்கள் வருகிறார்கள். அவர்களை ஒரே ஜோடியாக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு டெவலப்பரை உடன் உட்கார வையுங்கள். டெவலப்பர் அங்கே எழுதுபவர் மட்டும். சூப்பர்வைசர் அண்ணா தவறான பட்டனைத் தொட்டால் "அதில்லைங்க, இது" என்று கை நீட்டக் கூடாது. அவர் தொட்ட இடமே ஒரு பதிவு.

முதல் 15 நிமிடம் லாகின், பில்டு எண் சரிபார்ப்பு. பிறகு 50 நிமிடம் ஒரு சுற்று, 15 நிமிடம் டீ, மறுபடி 50 நிமிடம். இரண்டாம் சுற்றில் பகுதிகள் மாறும். கடைசி 20 நிமிடம் புதிதாகத் தேட வேண்டாம், எழுதிய பதிவுகளை முழுமையாக்குங்கள். தான் எழுதிய பகுதியைத் தானே சோதிக்கக் கூடாது. அறைக்குள் யாரும் பிழையைத் திருத்தவும் கூடாது, "அது அப்படித்தான் வடிவமைச்சோம்" என்று விளக்கவும் கூடாது. அந்த விவாதத்துக்கு வியாழன் காலை இருக்கிறது.

"சும்மா எல்லாத்தையும் தட்டிப் பாருங்க" என்று விட்டால் 14 பேரும் லாகின் திரையையும் முகப்பையும்தான் தட்டுவார்கள். அதனால் ஜோடிக்கு ஒரு பகுதி:

டி.சி. எனும் டெலிவரி சலான் போடுதலும் ரிட்டர்னும். சேவ் பட்டனை வேகமாக இரண்டு முறை தொடுங்கள். ஏரோப்ளேன் மோடில் ஒரு டி.சி. போட்டு, நெட் வந்ததும் ஒன்றாக ஏறுகிறதா, இரண்டாகவா என்று பாருங்கள். சாயப்பட்டறை ஷெட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும். முதல் கோரிக்கை சர்வரை அடைந்து, பதில் மட்டும் திரும்பாமல் போனால் ஆப் மறுபடி அனுப்பும். ஒவ்வொரு டி.சி.க்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாகி, சர்வர் அதை வைத்து இரட்டையைத் தடுக்கவில்லை என்றால் இரண்டு சலான் நிற்கும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஜி.எஸ்.டி. சட்டம் கருதும். போகாத சரக்குக்கு நிலுவைக் கணக்கு நிற்பது வெறும் திரைப் பிழை அல்ல.

இரவு ஷிப்ட். சர்வர் நேரத்தை யு.டி.சி.யில் சேமிக்கிறது, நம் நேரம் அதற்கு 5.30 மணி முன்னால். தேதியை மாற்றாமல் அப்படியே எடுத்திருந்தால் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை போட்ட எல்லாம் முந்தைய நாளில் விழும். ஏப்ரல் 1 அதிகாலைப் பதிவாக இருந்தால் பழைய நிதியாண்டின் வரிசை எண்ணே வரும். போன் கடிகாரத்தை மாற்றிச் சோதிப்பதால் பயனில்லை. அட்மின் திரையில் உள்ள சோதனை நேரத்தை மாற்றுங்கள்.

தமிழ்ப் பெயர்த் தேடல். "கோபி" என்பதில் உள்ள "கோ" யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும், ஏகாரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகவும். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு வேறு. இரண்டு விதமான கீபோர்டில் டைப் செய்து ஒன்றை மற்றொன்றால் தேடுங்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் இந்த வரி ஓடியிருக்க வேண்டும்:

```
name = name.normalize("NFC")
```

பிரின்ட். மலிவான தெர்மல் பிரின்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. டி.சி.யைப் படமாக்கித்தான் அனுப்புகிறோம். 58 மி.மீ. பிரின்டரின் அச்சு அகலம் 384 புள்ளி. நீளமான பார்ட்டி பெயரோடும், 20 ரோல் உள்ள டி.சி.யோடும் அடித்து, கிலோ நெடுவரிசை வலப்பக்கம் வெட்டுப்படுகிறதா பாருங்கள்.

மற்ற மூன்று ஜோடிகளுக்கு: வாரக் கூலி (வார நடுவில் ரேட் மாற்றம், கூலியைவிட அட்வான்ஸ் அதிகம்), அனுமதிகள் (செக்கிங் ஆளுக்கு ரேட் தெரிகிறதா, டி.சி. எண்ணை மாற்றிப் போட்டால் அடுத்த யூனிட்டின் பதிவு திறக்கிறதா), பழைய பதிப்பிலிருந்து அப்டேட்.

பதிவு எப்படி இருக்க வேண்டும்

வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட போட்டோ பதிவாகாது. `JW` ப்ராஜெக்டில் `bugbash` லேபிளோடு போட்டது மட்டுமே கணக்கு. "ரிட்டர்ன் ஒர்க் ஆகல" என்று ஒரு வரி வந்தால் வியாழன் அதைப் பிரிக்க வழியில்லை. இதே பிழை இப்படி வர வேண்டும்:

> தலைப்பு: இரண்டாம் ரிட்டர்ன் போட்டதும் சேதாரம் 53.5% என்று காட்டுகிறது
> பில்டு, போன்: 2.0.0-rc3, ஆண்ட்ராய்டு 11, 3 ஜிபி
> லாகின்: சூப்பர்வைசர்
> படிகள்: 1) கிரே துணி 250 கிலோ டையிங்குக்கு டி.சி. 2) ரிட்டர்ன் 120.250 கிலோ, "பாக்கி உண்டு". 3) ரிட்டர்ன் 116.250 கிலோ, "முடிந்தது".
> நடந்தது: சேதாரம் 133.750 கிலோ, 53.5%
> வர வேண்டியது: சேதாரம் 13.500 கிலோ, 5.4%
> எத்தனை முறை: மூன்றுக்கு மூன்று
> இணைப்பு: ஸ்கிரீன்ஷாட், லாக்

வந்த எண்ணும் வர வேண்டிய எண்ணும் இருந்ததால், முதல் ரிட்டர்னைக் கழிக்காமல் மொத்த 250இலிருந்தே கணக்கு போடுகிறது என்பது டிக்கெட்டைப் படிக்கும்போதே தெரிந்துவிடுகிறது. லாக் எடுக்க:

```
adb logcat -d > log.txt
adb exec-out screencap -p > thirai.png
```

வியாழன் 9.30: பிரிப்பு

ப்ராடக்ட் பொறுப்பாளர், டெவலப்மென்ட் லீட், சப்போர்ட் லீட் மூவர் மட்டும். பதிவுக்கு 2 நிமிடம் என்றால் 60 பதிவுக்கு இரண்டு மணி நேரம். அதற்கு மேல் வந்தால் மதியத்துக்குள் முடியாது. எனவே இரட்டைகளைச் சேர்க்கும் வேலையை டெஸ்டிங் பிரிவு புதன் மாலையே முடித்து வைக்கும். திரைவாரியாக அடுக்கி, படிகள் சிறப்பாக எழுதிய ஒன்றைத் தாய் டிக்கெட்டாக வைத்து மற்றவற்றை அதில் இணைப்போம். ஒரே மாதிரித் தோன்றுவதெல்லாம் ஒன்றல்ல: டி.சி. இரட்டையாவதற்கு டபுள் டேப்பும் காரணமாகலாம், நெட் மறுமுயற்சியும் காரணமாகலாம். சந்தேகம் இருந்தால் சேர்க்காமல் இணைப்பு மட்டும் கொடுங்கள்.

நிலை 1: பணம், எடை, வரி தப்பாகிறது, தரவு தொலைகிறது, ஒருவர் தரவு மற்றவருக்குத் தெரிகிறது. நிலை 2: வேலை நிற்கிறது, சுற்றுவழி உண்டு. நிலை 3: தொந்தரவு. நிலை 4: அழகு. "இதுவும் இருந்தா நல்லா இருக்கும்" ரகம் பிழையே அல்ல, அதற்கு `wish` லேபிள். சேதத்தின் அளவும் அவசரமும் வேறு என்பதை மறக்க வேண்டாம். அச்சாகும் டி.சி.யில் "சலான்" என்பது "சாலன்" என்று இருந்தால் சேதம் நிலை 4தான். ஆனால் அந்தத் தாள் வண்டியோடு ஊரெல்லாம் போகும், அதனால் முதல் நாளே திருத்த வேண்டும். இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள்.

அடுத்து ஆள். "பேக்எண்ட்" என்பது ஆள் அல்ல. ஒரு டிக்கெட்டுக்கு ஒரே பெயர். இரண்டு மாட்யூலின் எல்லையில் நிற்கும் பிழை, தப்பான மதிப்பு முதலில் எங்கே பிறந்ததோ அந்த மாட்யூல்காரருடையது. அது தெரியாவிட்டால் திரையை எழுதியவர் எடுத்துத் தேடட்டும். தன்னுடையது அல்ல என்று தெரிந்தால், எடுத்துக்கொள்ளும் ஆளிடம் பேசிச் சம்மதம் வாங்கிய பிறகே பெயரை மாற்றலாம். டிக்கெட் ஆளில்லாமல் திரும்பக் கூடாது. ஒருவர் கையில் நிலை 1, 2 சேர்ந்து மூன்றைத் தாண்டினால் லீட் அங்கேயே பிரித்துக் கொடுப்பார். இல்லாவிட்டால் கூலி மாட்யூல்காரர் தலையில் ஒன்பது விழும், மற்றவர்கள் நிலை 4 ஐகான்களைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

கூட்டம் முடியும்போது இந்தத் தேடலில் ஒன்றும் வரக் கூடாது:

```
labels = bugbash AND (assignee IS EMPTY OR duedate IS EMPTY) AND statusCategory != Done
```

மறுபடி வரவைக்க முடியாத பிழையை "வரலை" என்று மூட வேண்டாம். பார்த்தவரும் பொறுப்பாளரும் 15 நிமிடம் அதே போனோடு உட்காரட்டும். அப்போதும் வராவிட்டால் அந்த இடத்தில் லாக் வரி சேர்த்து, மறுபடி பார்க்கும் தேதியோடு திறந்தே வையுங்கள். திருத்த மாட்டோம் என்று முடிவெடுக்கலாம், காரணத்தை ஒரு வரி எழுதி மூடுங்கள். திருத்தியவரே மூடக் கூடாது. பிழையைப் பதிந்தவர் புது பில்டில் பார்த்து மூட வேண்டும். சூப்பர்வைசர்கள் சொன்னவற்றை அவர்கள் சார்பில் சப்போர்ட் லீட் பார்ப்பார்.

நிலை 1, 2 திருத்தங்களுக்குக் கடைசி நேரம் அடுத்த புதன் மாலை 6. வியாழன் முழுக்க மறுசோதனை. வெள்ளி காலை 11 மணிக்கு முடிவு: நிலை 1 ஒன்றும் இருக்கக் கூடாது. நிலை 2 மூன்று வரை இருக்கலாம், ஒவ்வொன்றின் சுற்றுவழியும் தமிழில் எழுதப்பட்டு சப்போர்ட் கையில் இருந்தால் மட்டும். இல்லையென்றால் வெளியீடு ஒரு வாரம் தள்ளி அடுத்த திங்களுக்குப் போகும். செவ்வாய், புதனுக்கு நகர்த்த மாட்டோம்.

புதன் மதியம் வரும்போது போனை முழுச் சார்ஜில் கொண்டு வாருங்கள். யு.எஸ்.பி. கேபிள் ஜோடிக்கு ஒன்று டெஸ்டிங் மேசையில் இருக்கும்.