காட்டலாக்கில் வரும் நான்கு வாக்கியங்கள்

வணக்கம்.

நீங்கள் அனுப்பிய நான்கு பக்கக் கலைஞர் குறிப்பைப் படித்தேன். கண்காட்சிக் காட்டலாக்கில் ஒவ்வொருவருக்கும் நான்கு வாக்கியங்கள்தான் என்பதால் இப்படிச் சுருக்கியிருக்கிறேன்:

"தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களின் கைகளையும் பாதங்களையும், அவர்கள் வாரிய உப்பைக் கரைத்து ஊறவைத்த தாளிலேயே அச்சிட்டிருக்கிறேன். உப்புநீர் காய்ந்த தாளில் வெள்ளி நைட்ரேட்டைப் பூசி, மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டினால் பழுப்பு நிறத்தில் படம் எழும். கடல்நீரை உப்பாக்கும் அதே வெயில்தான் இந்தப் படங்களையும் ஆக்கியது. என் அம்மாவும் வேலை செய்த அந்தப் பாத்திகளில் இன்று நிற்கும் பெண்கள் முகம் வேண்டாம் என்றார்கள், அதனால் இங்கே முகங்கள் இல்லை."

முகம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை நீங்கள் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். படங்களைப் பார்க்கிற எவருக்கும் முதலில் எழும் கேள்வியே அதுதான். உப்பில் வெடித்த அந்தக் குதிகாலை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துவிட்டு, 'இவர் யார்?' என்று கேட்காமல் யாராலும் நகர முடியாது. அதனால் அதை முடிவில் வைத்தேன்.

வேதாரண்யம் பத்தியை எடுத்தது எனக்கே மனசில்லாத வேலை. 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துபோனவர்களைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் படங்கள் தூத்துக்குடியில் எடுத்தவை. அந்தப் பத்தி இருந்தால் பார்ப்பவர்கள் படத்தில் சத்தியாகிரகத்தைத் தேடுவார்கள், எதிரே நிற்கும் பெண்ணைத் தவறவிடுவார்கள். டால்பட் 1830-களில் இந்த முறையைக் கண்டுபிடித்த கதையும் அப்படித்தான். செய்முறை போதும், வரலாற்றைத் திறப்பு நாளன்று நீங்களே பேசுங்கள். 'உடல், நினைவு, நிலம் ஆகியவற்றின் ஊடாட்டம்' என்ற வரியை எந்தக் கலைஞரின் பெயருக்குக் கீழே போட்டாலும் பொருந்தும், அதனால் அதையும் விட்டுவிட்டேன்.

'என்றும் அழியாத படங்கள்' என்றும் எழுதியிருந்தீர்கள். உப்புத்தாள் அச்சுகள் வெளிச்சம் பட்டால் மங்கக்கூடியவை. அதற்காகத்தான் உங்கள் அறையில் விளக்கைக் குறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். காட்டலாக் ஒன்று சொல்லி அறை வேறொன்று சொல்லக் கூடாது.

இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். எல்லாப் படங்களுக்கும் அவர்கள் வாரிய உப்பையே பயன்படுத்தினீர்களா? சில தாள்களுக்குக் கடை உப்பு என்றால் முதல் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். அப்புறம், அம்மாவைப் பற்றிய வரி அச்சில் வருவதில் அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் 'என் அம்மாவும் வேலை செய்த' என்ற சொற்களை எடுத்துவிடலாம், வாக்கியம் உடையாது.

வெள்ளிக்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போகிறது. வியாழன் மாலைக்குள் பதில் வந்தால் போதும்.

அன்புடன்,
காட்டலாக் ஆசிரியர்