அறக்கட்டளைக் கணக்கில் கையொப்பமிடுவோரை மாற்றக் கோரும் கடிதம்

கும்பகோணம்
23.06.2025

அனுப்புநர்:
இரா. மணிவண்ணன், செயலாளர்,
சித்தி விநாயகர் கோயில் வழிபாட்டு அறக்கட்டளை,
கும்பகோணம்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
இந்தியன் வங்கி, கும்பகோணம்.

பொருள்: சேமிப்புக் கணக்கு எண் 6041027318 - கையொப்பமிடும் அதிகாரம் பெற்றோரை மாற்றுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் அறக்கட்டளையின் பொதுக்குழு 15.06.2025 ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூடி, அறக்கட்டளைப் பத்திரத்தில் கண்டவாறு அடுத்த மூன்றாண்டுகளுக்கான நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தது. தலைவராகத் திருமதி ந. மங்கையர்க்கரசியும் பொருளாளராகத் திரு. த. செந்தில்குமரனும் தேர்வாகியுள்ளனர், செயலாளர் பொறுப்பில் நானே தொடர்கிறேன்.

ஆகவே, முன்னாள் தலைவர் திரு. கோ. வைத்தியநாதன், முன்னாள் பொருளாளர் திரு. சு. கலியபெருமாள் ஆகியோரின் கையொப்ப அதிகாரத்தை நீக்கி, புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு அக்கூட்டத்தின் 4ஆம் தீர்மானப்படி வேண்டுகிறோம். பொருளாளரின் கையொப்பம் கட்டாயம் இருக்க வேண்டும், அத்துடன் தலைவரோ செயலாளரோ ஒருவர் கையொப்பமிட வேண்டும் என்ற இப்போதைய முறையில் மாற்றம் இல்லை.

15.06.2025க்கு முன் பழைய நிர்வாகிகள் கையொப்பமிட்டுக் கொடுத்த காசோலைகளில் இரண்டு இன்னும் பணமாக்கப்படவில்லை. எண்ணெய்க் கடைக்கான 118204 (ரூ. 8,450), பூக்கடைக்கான 118207 (ரூ. 6,200) ஆகிய அவ்விரண்டையும் கையொப்ப மாற்றத்தைக் காரணம் காட்டித் திருப்பாமல், வழக்கம்போல் பணம் வழங்க வேண்டுகிறோம், இதற்கு முன்னாள் நிர்வாகிகள் இருவரும் எழுத்தில் ஒப்புதல் தந்துள்ளனர். பயன்படுத்தாத 118209 முதல் 118225 வரையிலான 17 காசோலைத் தாள்களையும் குறுக்குக் கோடிட்டு ரத்து செய்து இத்துடன் ஒப்படைக்கிறோம். புதிய காசோலைப் புத்தகம் ஒன்று தேவை.

தலைவரின் பெயர் ஆதாரில் 'ந. மங்கையர்க்கரசி' என்றும், பான் அட்டையில் 'மங்கையர்க்கரசி நடராஜன்' என்றும் உள்ளது. இரண்டும் ஒருவரே என்பதற்கான உறுதிமொழிக் கடிதத்தை இணைத்துள்ளோம். அவர் தமிழிலேயே கையொப்பமிடுவார். மாதிரிக் கையொப்ப அட்டையிலும் அவ்வாறே இட்டிருக்கிறார்.

கணக்கின் குறுஞ்செய்திகள் இன்னும் முன்னாள் பொருளாளரின் கைப்பேசிக்கே செல்கின்றன. அந்த எண்ணையும் அவர் பெயரிலுள்ள இணைய வங்கிச் சேவையையும் நீக்கி, படிவத்தில் குறித்துள்ள புதிய பொருளாளரின் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். நித்திய பூஜைக்கான வைப்புநிதி 10.07.2025 அன்று முதிர்வடைவதால், அதைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் புதியவர்கள் கையொப்பமிட ஏதுவாக அதற்குள் இம்மாற்றத்தை முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்த வட்டியில்தான் அர்ச்சகரின் சம்பளம் தரப்படுகிறது.

அறக்கட்டளைப் பத்திரம் மற்றும் பான் அட்டையின் நகல்கள், தீர்மானத்தின் சான்றளித்த நகல், புதிய நிர்வாகிகளின் ஆதார், பான் நகல்கள், புகைப்படங்கள், மாதிரிக் கையொப்ப அட்டை, முன்னாள் நிர்வாகிகளின் ஒப்புதல் கடிதம் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன. மூலங்களைச் சரிபார்க்க வேண்டுமெனில், தாங்கள் குறிக்கும் வேலைநாளில் புதிய நிர்வாகிகள் இருவரும் நேரில் வருவார்கள்.

மாற்றம் பதிவான தேதியைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் தெரிவித்தால், அதை எங்கள் தீர்மானப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்) இரா. மணிவண்ணன்
செயலாளர்

(ஒப்பம்) கோ. வைத்தியநாதன்
முன்னாள் தலைவர்