கிண்டி விடுதியில் முதல் இரவு

படத்தில் இருப்பது என் அறை. ஓர் இரும்புக் கட்டில், பாதி பிரித்த பெட்டி, விலைச்சீட்டு இன்னும் கிழிக்கப்படாத நீல வாளி, அப்பா மறக்காமல் வாங்கிக் கொடுத்த பூட்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன் என்று சொல்வதற்கு இதைவிட அழகான படம் கிடைத்திருக்கும்; சிவப்புக் கட்டடத்தின் முன் அம்மாவோடு நின்று எடுத்ததும் கையில் இருக்கிறது. ஆனால் இன்றிரவு என் கண்முன் இருப்பது இந்த அறைதான் என்பதால் இதையே பதிவிடுகிறேன்.

இப்போது மணி 11.30. அம்மாவும் அப்பாவும் ஏறிய நெல்லை எக்ஸ்பிரஸ் இந்நேரம் விழுப்புரத்தைத் தாண்டியிருக்கும். எழும்பூருக்கு வழியனுப்ப வருகிறேன் என்றதற்கு, இருட்டிய பிறகு தனியாகத் திரும்பி வர வேண்டாம் என்று விடுதி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ திரும்பும்வரை அழவில்லை. மேலே வந்து, கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தேடியபோதுதான் கண் கலங்கியது. வீட்டில் அதற்கென்று ஒரு டப்பா உண்டு, இங்கே எதற்குமே இன்னும் இடம் அமையவில்லை.

அலமாரியைத் திறந்தால், கதவின் உட்பக்கத்தில், எனக்கு முன்பு இங்கே இருந்த யாரோ ஓர் அக்கா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்: "வியாழன் கோழிக்குழம்பு. சீக்கிரம் போ." முகம் தெரியாத அந்த அக்காவின் கையெழுத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அதற்குக் கீழே தேர்வு அட்டவணை ஒன்று பாதி அழிந்து கிடக்கிறது. சுத்தம் செய்ய நினைத்து ஈரத்துணியை எடுத்தவள், அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் துடைத்தேன்.

அறைத்தோழி ஒருத்தி தருமபுரியிலிருந்து வந்திருக்கிறாள். போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தி உறங்குகிறாள், அல்லது உறங்குவதுபோல் படுத்திருக்கிறாள். மூக்கை உறிஞ்சும் ஓசை இடையிடையே கேட்கிறது. பேச்சுக் கொடுக்கலாமா, விட்டுவிடலாமா என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து, எந்த ஊர், எந்தப் பள்ளி, கட்-ஆஃப் எவ்வளவு என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டோம். மூன்றாவது கட்டிலுக்கு உரியவள் நாளை வருகிறாளாம்.

வீட்டில் பத்து மணிக்கு மேல் விளக்கு எரிந்தால் அப்பாவின் குரல் வரும். இங்கே விளக்கை அணைக்கச் சொல்ல ஆளில்லை என்பது கொஞ்ச நேரம் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது, பிறகு அதுவே உறுத்தத் தொடங்கியது. நாளைக்கு என்ன உடுத்துவது, யாரோடு போய்ச் சாப்பிடுவது, ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போவதா வேண்டாமா என்பதையெல்லாம் நானே முடிவு செய்யப்போகிறேன் என்று எண்ணும்போது வயிற்றுக்குள் ஏதோ குதிக்கிறது. அது பயமா, ஆசையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இந்தக் கல்லூரியில் 1940-ஆம் ஆண்டில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்த அ. லலிதாவைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர்; தம் சின்னஞ்சிறு மகளை உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டு விடுதியில் தங்கிப் படித்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் பெண். மகள் விடுதியில் தனிமையாக உணர்கிறாள் என்று அறிந்து, அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை பெண்களும் இங்கே சேரலாம் என்று விளம்பரம் செய்ய, அடுத்த ஆண்டே லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் வந்து சேர்ந்தார்கள் என்பார்கள். ஊரில் படித்தபோது அதை இந்தியாவின் முதல் பெண் பொறியாளரின் வரலாறாகத்தான் படித்தேன். இன்றிரவு அந்த விடுதித் தனிமைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நானும் மின்பொறியியல் மாணவிதான். ஆனால் எனக்குத் துணையாக இந்தத் தாழ்வாரம் முழுவதும் பெண்கள் இருக்கிறார்கள். இந்த நேரத்திலும் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிறார்கள், யாரோ அடக்க முடியாமல் சிரிக்கிறார்கள்.

அம்மா, இதை நீ ரயிலிலேயே படித்துவிடுவாய் என்று தெரியும். இரவு சப்பாத்தியும் குருமாவும் சாப்பிட்டேன், குருமா உப்பில்லாமல் இருந்தது, தயிர் நன்றாக இருந்தது. கதவுக்குத் தாழ் போட்டாயிற்று. அடுத்த வாரம் விடுதிக்குக் கிளம்பும் நம் பன்னிரண்டாம் வகுப்புத் தோழிகள் கவனிக்கவும்: நீளமான ஒயர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கட்டாயம் வேண்டும், ஏனெனில் பிளக் பாயின்ட் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில்தான் இருக்கிறது. கைப்பேசியில் நான்கு சதவீதம்தான் மிச்சம். கடலைமிட்டாயை எடுத்துக்கொண்டு தருமபுரிக்காரியை எழுப்பப் போகிறேன்.