புள்ளிக்கு வலப்பக்கம்
ஐந்தாம் வகுப்பு – கணக்கு – தசம எண்கள், முதல் பாடம்

இந்தப் பாடத்துக்கு ஒரு மளிகைக் கடை ரசீது, தையல்காரர் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் இஞ்சு டேப் ஒன்று, பென்சில், கோடு போட்ட தாள் ஆகியவை போதும். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் அளக்க மற்றவர் எழுதுங்கள். பாதிப் பாடத்துக்குப் பிறகு வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

ரசீதில் இருக்கும் புள்ளி

முதலில் இந்த ரசீதைப் படியுங்கள்.

வெல்லம், அரை கிலோ – ரூ. 42.75
பாசிப்பயறு, அரை கிலோ – ரூ. 61.50
மொத்தம் – ரூ. 104.25
சில்லறைக் கழிவு – ரூ. 0.25
செலுத்த வேண்டியது – ரூ. 104.00

வெல்லத்தின் விலை 42 ரூபாய் 75 பைசா. புள்ளிக்கு இடப்பக்கம் முழு ரூபாய்கள் நிற்கின்றன; ஒரு முழு ரூபாயாகச் சேராத மிச்சம் வலப்பக்கம் நிற்கிறது. இந்தப் புள்ளிக்குத் தசமப் புள்ளி என்று பெயர். இப்படிப் புள்ளி வைத்து எழுதப்படும் எண்ணைத் தசம எண் என்கிறோம்.

கடைக்காரர் கடைசியில் 25 பைசாவை ஏன் கழித்தார்? அந்தப் பைசாவைக் கொடுக்க நம் கையில் நாணயம் இல்லை. 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் மாத இறுதியோடு செல்லாதவை ஆகிவிட்டன. நாணயம் போனாலும் பைசாக் கணக்கு போகவில்லை: பெட்ரோல் பங்கின் விலைப்பலகையிலும் வங்கிக் கணக்குப் புத்தகத்திலும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களை இன்றும் பார்க்கலாம்.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ 50 பைசாவை எட்டணா என்றும் 25 பைசாவை நாலணா என்றும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1957 ஏப்ரல் 1 வரை நம் நாட்டில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா, ஒரு பைசாவுக்கு 3 தம்பிடி என்று கணக்கு இருந்தது. எட்டணா அரை ரூபாய், நாலணா கால் ரூபாய் என்பவை எளிதாக வரும். ஆனால் 3 ரூபாய் 7 அணாவையும் 2 ரூபாய் 13 அணாவையும் கூட்டும்போது, பதினாறு சேர்ந்தால்தான் ஒரு ரூபாய் என்பதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த நாளில்தான் ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்று மாற்றினார்கள். 100 என்பது பத்துப் பத்துகள் என்பதால், நாம் எண்களை எழுதும் முறையோடு பணமும் ஒத்துப்போனது.

ஒன்றைப் பத்தாகப் பிரித்தல்

4444 என்ற எண்ணில் ஒவ்வொரு 4-க்கும் ஒரு மதிப்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்: நான்காயிரம், நானூறு, நாற்பது, நான்கு. இடமிருந்து வலமாக ஓர் இடம் நகரும்போதெல்லாம் மதிப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒன்றின் இடத்தோடு இது நின்றுவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒன்றையும் பத்துச் சம பங்குகளாகப் பிரித்தால் ஒரு பங்கு பத்தில் ஒன்று. அந்தப் பத்தில் ஒன்றை மறுபடியும் பத்தாகப் பிரித்தால் கிடைப்பது நூறில் ஒன்று. முழு எண் எங்கே முடிந்து பங்குகள் எங்கே தொடங்குகின்றன என்பதைக் காட்டத்தான் புள்ளி வைக்கிறோம்.

பணத்தில் பார்த்தால், பத்து 10 பைசா சேர்ந்தால் ஒரு ரூபாய். ஆகவே 10 பைசா என்பது ரூபாயில் பத்தில் ஒன்று, அதாவது ரூ. 0.10. ஒரு பைசா நூறில் ஒன்று, அதாவது ரூ. 0.01. அப்படியானால் 42.75 என்பதில் உள்ள 7, ஏழு 10 பைசாக்களைக் குறிக்கிறது; 5 என்பது ஐந்து தனிப் பைசாக்களைக் குறிக்கிறது. அதனால் இதை வாய்விட்டுப் படிக்கும்போது ‘நாற்பத்திரண்டு புள்ளி ஏழு ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்கிறோம். ‘புள்ளி எழுபத்தைந்து’ என்று சொல்லிப் பழகினால், வலப்பக்கம் இன்னொரு முழு எண் இருக்கிறது என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடும். பின்னால் வரும் பல தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஐந்து ரூபாய் ஐந்து பைசாவை எப்படி எழுதுவீர்கள்? 5.5 என்று எழுதினால், புள்ளிக்கு அடுத்த இடம் 10 பைசாக்களுக்கு உரியது என்பதால், அது ஐந்து ரூபாய் ஐம்பது பைசா ஆகிவிடும். 10 பைசா ஒன்றுகூட இல்லை என்பதைச் சொல்ல அங்கே ஒரு பூச்சியம் வேண்டும். 5.05 என்பதே சரி. 205-இல் நடுவில் உள்ள பூச்சியம் என்ன வேலை செய்கிறதோ, இந்தப் பூச்சியமும் அதையே செய்கிறது.

டேப்பை விரியுங்கள்

பணம் ஒன்றை மட்டும் வைத்துத் தசமத்தைப் படித்தால் ஒரு குறை உண்டு. பணத்தை எப்போதும் இரண்டு இலக்கங்களோடு எழுதுவதால், ரூபாயையும் பைசாவையும் இரண்டு தனித்தனி எண்களாகவே பார்க்கத் தோன்றும். டேப்பில் அப்படித் தோன்றாது; ஒரே கோட்டில் எல்லா எண்களும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இஞ்சு டேப்பின் ஒரு பக்கம் 60 அங்குலமும் மறுபக்கம் 150 சென்டிமீட்டரும் குறித்திருக்கும். சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். 7-க்கும் 8-க்கும் நடுவில் எத்தனை இடைவெளிகள் இருக்கின்றன என்று பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுங்கள். பத்து இருக்கும். நடுவில் உள்ள ஐந்தாவது கோடு மட்டும் மற்றவற்றைவிடச் சற்று நீளமாக இருக்கும். ஒவ்வோர் இடைவெளியும் ஒரு மில்லிமீட்டர், அதாவது சென்டிமீட்டரில் பத்தில் ஒன்று. 7-ஐத் தாண்டி முதல் கோடு 7.1, நீளமான கோடு 7.5, 7.9-க்கு அடுத்தது 8.0. இங்கே பலர் 7.10 என்று எழுதிவிடுவார்கள். டேப்பில் விரலை வைத்துப் பாருங்கள்: ஒன்பதாவது கோட்டுக்கு அடுத்து நிற்பது 8 என்ற முழு எண்தான்.

இப்போது உங்கள் பென்சிலை அளந்து எழுதுங்கள். டேப்பின் நுனியில் உள்ள உலோகத் தகட்டின் ஓரமே பூச்சியம். 1 என்ற எண்ணிலிருந்து அளக்கத் தொடங்காதீர்கள். 14 செ.மீ. தாண்டி மூன்று கோடுகள் வந்தால் நீளம் 14.3 செ.மீ. (தச்சர் வைத்திருக்கும் இரும்பு டேப்பின் கொக்கி இலேசாக ஆடும். அது பழுது அன்று. கொக்கியை மாட்டி இழுத்து அளந்தாலும், சுவரில் முட்டி அளந்தாலும் அளவு சரியாக வரவேண்டும் என்பதற்காகக் கொக்கியின் கனத்துக்குச் சமமாக ஆடும்படி அதைச் செய்திருக்கிறார்கள்.)

அடுத்து மீட்டரில் அளப்போம். 100 செ.மீ. ஒரு மீட்டர் என்பதால், 10 செ.மீ. என்பது 0.1 மீ.; 1 செ.மீ. என்பது 0.01 மீ. ரூபாயும் பைசாவும் எப்படியோ, மீட்டரும் சென்டிமீட்டரும் அப்படியே. 1 மீ. 38 செ.மீ. உயரமுள்ள மாணவியின் உயரம் 1.38 மீ.; 1 மீ. 8 செ.மீ. உயரமுள்ள அவள் தம்பியின் உயரம் 1.08 மீ.

1.5, 1.25 ஆகிய இரண்டில் எது பெரியது? 25 என்பது 5-ஐவிடப் பெரியது என்று எண்ணி 1.25 என்று சொல்லத் தோன்றலாம். டேப்பில் இரண்டையும் தேடுங்கள். 1.25 மீ. என்பது 125-ஆவது சென்டிமீட்டர், 1.5 மீ. என்பது டேப்பின் கடைசி முனை. ஐந்து 10 செ.மீ.கள் இரண்டு 10 செ.மீ.களைவிட நீளமானவை, அதற்குப் பின்னால் வரும் 5 இதை மாற்றாது. ஆகவே ஒப்பிடும்போது முழு எண்ணையும், அது சமமானால் பத்தில் ஒன்றின் இடத்தையும், அதுவும் சமமானால் நூறில் ஒன்றின் இடத்தையும் வரிசையாகப் பாருங்கள். இலக்கங்கள் எத்தனை என்று எண்ணாதீர்கள். 1.5, 1.50 இரண்டும் டேப்பில் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

கூட்டும்போதும் கழிக்கும்போதும் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வரும்படி எழுதினால் போதும். ரசீதை மறுபடி கூட்டிச் சரிபாருங்கள்:

```
   42.75
 + 61.50
 -------
  104.25
```

புள்ளி இருந்தும் தசமம் ஆகாதவை

கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். ஓர் ஓவருக்கு ஆறு பந்துகள் என்பதால் 4.5-க்குப் பிறகு சரியான ஒரு பந்து வீசியதும் 5 ஓவர் முடிந்துவிடுகிறது. மூன்று பந்து என்பது அரை ஓவர். தசம எண்ணாக எழுதினால் அது 4.5 ஆக இருந்திருக்க வேண்டும். மணி 2.30 என்று எழுதுவதும் இத்தகையதே, ஏனெனில் ஒரு மணிக்கு 60 நிமிடம். உங்கள் டேப்பின் அங்குலப் பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: அங்குலங்கள் எட்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால், 5 அங்குலம் தாண்டி மூன்று கோடுகளை 5.3 அங்குலம் என்று எழுத முடியாது. பத்துப் பத்தாகப் பிரியும் இடத்தில் மட்டுமே தசமப் புள்ளி தன் வேலையைச் செய்யும்.

பயிற்சித் தாள்

1. ரூபாயில் எழுதுக: (அ) 7 ரூபாய் 25 பைசா (ஆ) 30 ரூபாய் 5 பைசா (இ) 80 பைசா.

2. சென்டிமீட்டரில் எழுதுக: (அ) 9 செ.மீ. 4 மி.மீ. (ஆ) 6 மி.மீ. (இ) 52 மி.மீ.

3. மீட்டரில் எழுதுக: (அ) 1 மீ. 46 செ.மீ. (ஆ) 1 மீ. 7 செ.மீ. (இ) 30 செ.மீ.

4. எது பெரியது, அல்லது இரண்டும் சமமா? (அ) 1.3, 1.28 (ஆ) 0.9, 0.45 (இ) 2.05, 2.5 (ஈ) 4.7, 4.70.

5. டேப்பில் அடுத்தடுத்து வரும் மூன்று கோடுகளை எழுதுக: 8.7, 8.8, __, __, __.

6. ஒரு நோட்டு ரூ. 32.50, ஒரு பேனா ரூ. 7.75. கடைக்காரரிடம் 50 ரூபாய் கொடுத்தால் கணக்குப்படி மீதி எவ்வளவு?

7. 2.4 மீ. நீளமுள்ள ரிப்பனிலிருந்து 0.85 மீ. வெட்டி எடுத்தால் எஞ்சுவது எவ்வளவு? கழிக்கும் முன் 2.4-ஐ 2.40 என்று எழுதிக்கொள்க.

8. ஓர் அணி 7.3 ஓவர் ஆடியிருக்கிறது. வைடு, நோபால் தவிர எத்தனை பந்துகள் வீசப்பட்டுள்ளன?

9. உங்கள் மேசையின் நீளத்தை அளந்து, சென்டிமீட்டரிலும் மீட்டரிலும் எழுதுக. உங்கள் இணை தனியே அளந்த அளவு வேறாக இருந்தால், டேப் தளர்ந்திருந்ததா, நுனி நகர்ந்ததா என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள்.

விடைகள்

1. ரூ. 7.25, ரூ. 30.05, ரூ. 0.80
2. 9.4, 0.6, 5.2
3. 1.46, 1.07, 0.30 (0.3 என்றும் எழுதலாம்)
4. 1.3, 0.9, 2.5; சமம்
5. 8.9, 9.0, 9.1
6. ரூ. 9.75
7. 1.55 மீ.
8. 45 பந்துகள்
9. உங்கள் மேசைக்கு ஏற்றபடி. சென்டிமீட்டரில் வந்த எண்ணின் புள்ளி, மீட்டரில் எழுதும்போது இரண்டு இடம் இடப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும்.