தரம் 10 கணிதம்: சுழல் மீட்டல் தாள் 9

திருகோணமலை. வியாழன் இரண்டாம் பாடவேளை. நேரம் 40 நிமிடம். கணிப்பான் வேண்டாம், மடக்கை அட்டவணையும் வேண்டாம்.

பிள்ளைகளே, இந்தத் தாளில் 12 கேள்விகள். 9 கேள்விகள் ஏற்கெனவே படித்தவை; இரண்டு போன வருடத்துப் பாடம். மற்ற மூன்றும் இந்தத் திங்களும் செவ்வாயும் கரும்பலகையில் பார்த்த கூட்டல் விருத்தி. எது எந்தப் பாடம் என்று நான் எழுதவில்லை, வேண்டுமென்றேதான். சோதனைத் தாளிலும் யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

ஒரு கேள்வியில் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். தெரியாவிட்டால் இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். வட்டம் போட்டதற்கு ஏச்சு இல்லை. பக்கத்துக் கொப்பியைப் பார்த்து வட்டத்தை அழித்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் அடுத்த தாளை நான் அந்த வட்டங்களை வைத்துத்தான் எழுதுகிறேன். செய்கை எல்லாம் தெரிய வேண்டும். றப்பர் பாவிக்காமல் பிழையை ஒரு கோட்டால் வெட்டுங்கள்.

1. சுருக்குக: (3/4 − 1/6) ÷ 7/8

2. உப்புவெளிக் கடற்கரையில் 12 பேர் சேர்ந்து ஒரு கரைவலையை இழுத்து முடிக்க 50 நிமிடம் எடுக்கிறது. எல்லோரும் ஒரே அளவாக இழுக்கிறார்கள் என்று கொள்க.
(அ) 15 பேர் இழுத்தால் எவ்வளவு நேரம் எடுக்கும்?
(ஆ) 600 பேர் வந்து பிடித்தால் ஒரு நிமிடத்தில் முடியும் என்று உங்கள் கணக்குச் சொல்லும். கடற்கரையில் அது நடக்குமா? ஒரு வரியில் எழுதுக.

3. காரணிப்படுத்துக: 2x² + 5x − 12

4. கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். ஒரு மோட்டார் சைக்கிள் சீரான கதியில் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 72 செக்கனில் போகிறது. அதன் கதி மணிக்கு எத்தனை கிலோமீற்றர்?

5. ஒரு வியாபாரி கருவாட்டைக் கிலோ 1200 ரூபாவுக்கு வாங்கி, 25% இலாபம் கிடைக்கும்படி விலை குறிக்கிறார். மழை வரப்போகிறது என்றதும் குறித்த விலையில் 10% கழிவு கொடுத்து விற்கிறார்.
(அ) விற்ற விலை என்ன?
(ஆ) அவருக்குக் கிடைத்த இலாபச் சதவீதம் என்ன?

6. ஒரு வகுப்பில் 40 மாணவர்கள். 24 பேர் கிரிக்கெட் விளையாடுவர், 19 பேர் உதைபந்தாட்டம் விளையாடுவர், 5 பேர் இரண்டும் விளையாடுவதில்லை. வென் வரிப்படம் வரைந்து, இரண்டும் விளையாடுபவர் எத்தனை பேர், கிரிக்கெட் மட்டும் விளையாடுபவர் எத்தனை பேர் எனக் காண்க.

7. பனையோலை விசிறி ஒன்று ஆரைச்சிறை வடிவில் உள்ளது. ஆரை 21 செ.மீ., மையக் கோணம் 60°. விசிறியின் ஓரம் முழுவதும் சிவப்பு நாடா தைக்க வேண்டும். நாடாவின் நீளம் எவ்வளவு? (π = 22/7)

8. பெறுமானம் காண்க: lg 20 + lg 50

9. தீர்த்து, எண்கோட்டில் குறிக்குக: 3 − 2x ≥ 11

10. 7, 11, 15, … என்னும் கூட்டல் விருத்தியின் 20 ஆம் உறுப்பைக் காண்க.

11. திறந்தவெளி அரங்கொன்றில் முதல் வரிசையில் 12 கதிரைகள். பின்னால் போகப்போக ஒவ்வொரு வரிசையிலும் 3 கதிரைகள் கூடுகின்றன.
(அ) 60 கதிரைகள் உள்ளது எத்தனையாவது வரிசை?
(ஆ) சரியாக 61 கதிரைகள் உள்ள வரிசை இருக்க முடியுமா? காரணம் தருக.

12. ஒரு கூட்டல் விருத்தியின் n ஆம் உறுப்பு 5n − 3. இவ்விருத்தியில் 100 ஐ விடப் பெரிய முதலாவது உறுப்பு எது? (இந்தத் தாளிலேயே இதற்கு உதவும் இன்னொரு கேள்வி இருக்கிறது. தேடுங்கள்.)

முடித்தவர்கள் தாளின் பின்பக்கத்தில் ஒரு வசனம் எழுதுங்கள்: எந்தக் கேள்வியில் “இது எந்தப் பாடம்?” என்று யோசிக்க வேண்டி வந்தது?

---

எனக்குப் பதிலாக வகுப்பு எடுக்கும் ரீச்சருக்கு (இந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு இல்லை)

ரீச்சர், அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதால் வியாழனும் அதற்கடுத்த வியாழனும் நான் வரமாட்டேன். ஒன்பதாம் தாள் மேலே இருக்கிறது. பத்தாவதை நீங்கள்தான் எழுத வேண்டி வரும். அதனால் விடைகளோடு, இந்தத் தாளை எப்படிக் கோத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

என் மேசை லாச்சிக்குள் பச்சை அட்டைக் கொப்பி ஒன்று இருக்கிறது. இடது பக்கத்தில் பாடங்களின் பெயர், வலது பக்கத்தில் அந்தப் பாடம் எந்தெந்தத் தாளில் வந்தது, எத்தனை வட்டம் விழுந்தது. இந்தத் தாளுக்குப் போன வாரத்துப் பாடத்தில் இரண்டு எடுத்தேன் (8, 9). ஒரு மாதத்துக்கு முந்தியதில் மூன்று (2, 5, 7). போன தவணையில் இரண்டு (3, 6). தரம் 9 இலிருந்து இரண்டு (1, 4). புதியது மூன்று. புதியதை மூன்றுக்கு மேல் போட்டால் அது மீட்டல் தாளாக இல்லாமல் பாடப் பயிற்சியாகிவிடும்; பிள்ளைகள் பழையதைத் தாண்டிக் கடைசிக்கு ஓடுவார்கள். நானே நாலாம் தாளில் ஆறு போட்டு அனுபவித்தேன்.

1885 இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளை மனனம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து எழுதி வைத்தார். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, விடுமுறை முடிந்து வரும் முதல் திங்கட்கிழமையே போதும். மறக்கத் தொடங்கும் நேரத்தில் இழுத்து நினைவுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் காரணிப்படுத்தலில் பத்துக் கணக்கை ஒரே நாளில் செய்ய வைப்பதை விட, பத்து வாரத்துக்கு ஒவ்வொன்றாகப் போடுகிறேன்.

விடைகள்: 1) 2/3. 2) 40 நிமிடம். 3) (2x − 3)(x + 4). 4) மணிக்கு 19.8 கி.மீ. 5) 1350 ரூபா, 12.5%. 6) 8 பேர், 16 பேர். 7) 64 செ.மீ. 8) 3. 9) x ≤ −4. 10) 83. 11) 17 ஆவது வரிசை, 61 முடியாது. 12) 102, அது 21 ஆம் உறுப்பு.

சிலவற்றுக்கு மட்டும் விளக்கம் சொல்கிறேன், மற்றவை உங்களுக்கே தெரியும்.

ஐந்தாவதில் பாதி வகுப்பு 15% என்று எழுதும். 25 இலிருந்து 10 ஐக் கழித்துவிடுவார்கள். உடனே பிழை என்று சொல்ல வேண்டாம். “10% எதனுடைய 10%?” என்று மட்டும் கேளுங்கள். கழிவு 1500 இல் 150 ரூபா, 120 இல்லை என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும் வரை காத்திருங்கள். இந்த ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் போனாலும் பரவாயில்லை.

ஏழாவதில் 22 என்று விடை வந்தால் வில் நீளத்தோடு நின்றுவிட்டார்கள். இரண்டு ஆரைகளும் சேர வேண்டும். விசிறி என்று போட்டதே அதற்காக. “நேர் ஓரங்களுக்கு நாடா தைக்கமாட்டீர்களா?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே 42 ஐக் கூட்டுவார்கள். ஏழாம் தாளில் வெறும் ஆரைச்சிறையாகக் கேட்டபோது 34 பேரில் 19 பேர் வட்டம் போட்டார்கள், அல்லது 22 எழுதினார்கள்.

எட்டாவதில் lg 70 எழுதுபவர்கள் வருவார்கள். கூட்டல் அடையாளம் கண்ணில் பட்டதும் எண்களையும் கூட்டிவிடுவது. இரண்டும் பெருகி lg 1000 ஆகிறது என்பதைக் கரும்பலகையில் ஒரு தரம் காட்டினால் போதும்.

ஒன்பதாவதும் பன்னிரண்டாவதும் ஜோடி. −2 ஆல் பிரிக்கும்போது குறி திரும்ப வேண்டும் என்பது போன வாரத்துப் பாடம். பன்னிரண்டாவதில் 5n − 3 > 100 என்று எழுதினால் n > 20.6 வரும். 20.6 ஆவது உறுப்பு என்று ஒன்று கிடையாது, எனவே 21. சிலர் 100 வரை எல்லா உறுப்பையும் எழுதிப் பார்த்து 102 ஐப் பிடிப்பார்கள். அதுவும் சரிதான், புள்ளி குறைக்க வேண்டாம். ஆனால் பக்கத்திலேயே சமனிலி வழியையும் காட்டிவிடுங்கள்.

இரண்டாவதில் (ஆ) எனக்குப் பிடித்த கேள்வி. போன முறை ஒரு பிள்ளை “கயிற்றில் கை வைக்கவே இடம் இராது” என்று எழுதியிருந்தது. அப்படியான விடைகளை வாசித்துக் காட்டுங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கேள்வியில் மற்றவர்களை விட நன்றாகப் பேசுவார்கள், அவர்களைப் பேச விடுங்கள்.

பத்தாவது தாளுக்கு: எந்தக் கேள்வியில் பத்துக்கு மேல் வட்டமோ பிழையோ விழுந்ததோ, அது எண் மாறி அடுத்த வாரமே திரும்ப வர வேண்டும். எல்லோரும் சரி செய்ததைக் கொப்பியில் ஒரு மாதத்துக்குத் தள்ளி எழுதுங்கள். அப்போதும் சரி வந்தால் அடுத்த தவணைக்கு. ஒரே வகைக் கேள்வி இரண்டை அடுத்தடுத்துப் போட வேண்டாம். முதலாவதைப் பார்த்து இரண்டாவதைச் செய்துவிடுவார்கள், அது ஞாபகம் இல்லை, நகல். எண்களை அழகாக எடுங்கள். 396 ஐயும் 72 ஐயும் எடுத்தது 5.5 வரட்டும் என்று. கணிப்பான் இல்லாமல் 3.6 ஆல் பெருக்கவே கொஞ்சம் வியர்க்கும்.

தலைப்பு எழுதும் ஆசை வரும், குறிப்பாக மெதுவான பிள்ளைகளைப் பார்க்கும்போது. எழுத வேண்டாம். எந்த வழி என்று தெரிவு செய்வதுதான் இந்தத் தாளில் அவர்கள் செய்யும் வேலை. முன்வரிசையில் யன்னலோரம் இருக்கும் இருவருக்கு மட்டும் கேள்வியை வாசித்துக் காட்டுங்கள், அவர்களுக்கு வாசிப்புத்தான் தடை, கணக்கு இல்லை.

போட்டோக்கொப்பி 36 எடுத்து லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். இரண்டு கூடுதல். பின்பக்க வசனங்களைத் திருத்த வேண்டாம், அப்படியே கட்டி வையுங்கள். நான் வந்து வாசிக்கிறேன்.