உங்கள் பில்லில் காப்பீடு தராத தொகை: விளக்கமும் கட்டும் வழிகளும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பித்தப்பை அறுவை சிகிச்சைக்கான பில் பற்றிப் போன வாரம் அனுப்பிய கடிதம் புரியவில்லை என்று போனில் சொன்னீர்கள். எடுத்துப் படித்துப் பார்த்தேன். "அனுமதிக்கப்படாத தொகை 24,500, உடனே செலுத்தவும்" என்று மட்டும்தான் இருந்தது. அதை வைத்து யாருக்கும் எதுவும் புரியாது, மன்னிக்கவும். இதோ முழுக் கணக்கு.

முதலில் ஒரு திருத்தம். உங்களுக்குப் பயன்படுத்தாத ஒரு டயப்பர் பாக்கெட்டுக்கு 700 ரூபாய் சேர்த்திருந்தோம். அது எங்கள் தவறு, எடுத்துவிட்டோம். இப்போது நீங்கள் கட்ட வேண்டிய பாக்கி 23,800 ரூபாய்.

மொத்த பில்: ரூ.1,43,600
காப்பீட்டு நிறுவனம் கட்டியது: ரூ.1,09,800
உங்கள் பங்கு: ரூ.33,800
சேரும்போது கட்டிய முன்பணம்: ரூ.10,000
பாக்கி: ரூ.23,800

இந்த 33,800 எப்படி வந்தது? பெரிய பகுதி அறை வாடகையிலிருந்து வந்தது. உங்கள் பாலிசியில் அறைக்கு ஒரு நாளைக்கு 4,000 வரைதான் உண்டு. நீங்கள் இருந்த அறைக்கு வாடகை 5,000. நான்கு நாளுக்கு 4,000 ரூபாய் கூடுதல். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் மருத்துவமனையில் அறையின் தரம் உயர உயர மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், நர்சிங் கட்டணம் எல்லாமே உயரும். அதனால் 5,000 ரூபாய் அறைக்கு 4,000 மட்டுமே தரும் காப்பீட்டு நிறுவனம், இந்தக் கட்டணங்களிலும் அதே விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் தரும். அவை மொத்தம் 70,000. அதில் 14,000 குறைந்தது இப்படித்தான். அறையில் ஆயிரம் ரூபாய்தானே கூடுதல் என்று நினைத்த பலருக்கும் அதிர்ச்சி தருவது இந்த இடம். சேரும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்தக் குறைப்பு இல்லை. அந்த 50,000 முழுதாகவே ஏற்கப்பட்டது.

அடுத்தது, பாலிசியில் சேராத பொருட்கள்: துணைக்கு இருந்தவரின் சாப்பாடு, சோப்பு, துண்டு, பதிவுக் கட்டணம் போன்றவை. 3,600 ரூபாய்.

கடைசியாக, உங்கள் பாலிசியில் பத்து சதவீதம் நீங்களே ஏற்க வேண்டும் என்ற கூட்டுக்கட்டண விதி இருக்கிறது. ஏற்கப்பட்ட 1,22,000 ரூபாயில் அது 12,200.

இதில் எதையாவது மறுத்துக் கேட்க முடியுமா என்று கேட்டீர்கள். கூட்டுக்கட்டணம் பாலிசியிலேயே எழுதியிருப்பதால் அதற்கு மனு போட்டுப் பயனில்லை என்பது என் கருத்து. அறை விஷயம் வேறு. நீங்கள் சேர்ந்த இரவு 4,000 ரூபாய் அறை எதுவும் காலியில்லை என்று எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் தருகிறோம். அதோடு, தொகை ஏன் குறைக்கப்பட்டது என்று காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கடிதத்தின் நகலை இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் கேட்டுப் பார்க்கலாம். மனு போட்ட ரசீதைக் காட்டினால், 45 நாள் வரை அறையால் வந்த 4,000மும் 14,000மும் சேர்ந்த 18,000 ரூபாயை நாங்கள் கேட்க மாட்டோம். மீதி 5,800ஐ மட்டும் கட்டினால் போதும்.

வீட்டில் வேறு பாலிசி இருக்கிறதா, உங்கள் மகன் வேலை செய்யும் இடத்தின் குழுக் காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இந்த மீதியை அங்கே கேட்கலாம். அதற்கு வேண்டிய சான்றிட்ட நகல்களைக் கட்டணமில்லாமல் தருகிறோம்.

இனி பணம் கட்டும் வழிகள். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டலாம். பணமாகவோ, கார்டிலோ, யுபிஐ மூலமோ எப்படியும் சரி. இல்லையென்றால் மூன்று மாதத் தவணை: 8,000, 8,000, 7,800. இதற்கு வட்டியோ கூடுதல் கட்டணமோ கிடையாது. ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். கிரெடிட் கார்டில் தவணையாக மாற்றுவதானால் வங்கி வட்டி போடக்கூடும். எங்கள் தவணை இருக்கும்போது அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

மூன்று மாதமும் கஷ்டம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். எங்கள் சமூகப் பணியாளர் உங்கள் வருமான விவரத்தைப் பார்த்து, நீண்ட தவணைக்கோ மருத்துவமனையின் உதவி நிதிக்கோ பரிந்துரைப்பார். முதல் தவணையைக் கட்டுவதற்கு முன்பே வந்து பேசுவது நல்லது.

எந்த வழி என்பதை இந்த மாதம் 28ஆம் தேதிக்குள் சொன்னால் போதும். அதுவரை நினைவூட்டல் கடிதமோ போனோ வராது. தரைத்தளத்தில் பில்லிங் பிரிவில், மூன்றாவது கவுண்டரில் காலை 9 முதல் மாலை 5 வரை இருப்பேன். வரும்போது இந்தக் கடிதத்தையும் பாலிசி நகலையும் எடுத்து வாருங்கள். வர முடியாவிட்டால் மகனிடம் கொடுத்தனுப்பலாம், கூடவே நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் சீட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
பொறுப்பாளர், பில்லிங் பிரிவு