பேங்க்ல இருந்து பேசறோம்னு போன் வந்தா

பெரியப்பா, பெரியம்மா, அத்தை, மாமா, சித்தி எல்லாருக்கும் வணக்கம்.

நேத்து குரூப்புல, பேங்க் பேரைச் சொல்லி ஏமாத்தற போன் பத்தி இங்கிலீஷ்ல ஒரு எச்சரிக்கை வந்துச்சு. பெரியப்பா அதைப் பார்த்துட்டு, "ஓடிபி, கேஒய்சின்னு என்னென்னமோ போட்டிருக்கே, இதுல எனக்கு என்னம்மா இருக்கு?"ன்னு கேட்டார். அதான் நம்ம பேச்சுல எழுதியிருக்கேன். காலை வணக்கம் பூப்படங்களோட இதையும் தள்ளிவிட்டுடாதீங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு தடவை முழுசா படிங்க.

போன மாசம் கட்டபெட்டு அத்தைக்கு நடந்ததைச் சொல்றேன். அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். மத்தியானம் சமையலறையில இருந்தப்போ போன். நல்ல தமிழ், ரொம்ப மரியாதை. "அம்மா, பேங்க்ல இருந்து பேசறோம். உங்க ஆதார் இணைக்கலை. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அக்கவுண்ட் முடங்கிடும்." அத்தை பேரைச் சொன்னான், அக்கவுண்ட் நம்பரோட கடைசி நாலு எண்ணையும் சொன்னான். அத்தை நம்பிட்டாங்க. "இப்போ ஒரு மெசேஜ் வரும், அதுல இருக்கற ஆறு எண்ணைப் படிங்கம்மா"ன்னான். படிச்சாங்க. தேயிலைக் காசு சேர்த்து வச்சிருந்த 18,000 ரூபாய் போயிடுச்சு.

அந்த ஆறு எண்தான் ஓடிபி. அதை ஒருத்தர்கிட்ட சொல்றது, பாஸ்புக்கையும் கையெழுத்துப் போட்ட பணம் எடுக்கற சலானையும் தெரியாத ஆள் கையில கொடுக்கறதுக்குச் சமம். மேனேஜரே கேட்டாலும் சொல்லக் கூடாது. உண்மையான மேனேஜர் கேட்கவே மாட்டார். ஏடிஎம் பின் நம்பரும், கார்டு பின்பக்கம் இருக்கற மூணு எண்ணும் அப்படித்தான். நம்ம பேரும் அக்கவுண்ட் எண்ணும் எங்கெங்கேயோ இருந்து அவங்க கைக்குப் போயிடுது. அதைச் சரியா சொல்லிட்டான்னு ஆளை நம்பாதீங்க.

கேஒய்சிங்கறது ஆதார், பான் மாதிரி நம்ம அடையாளக் காகிதத்தை பேங்க்ல கொடுக்கறது. அதுக்கு நேர்லயே போய்க்கலாம். மழையில பஸ் ஏறிப் போகணுமேன்னு சலிப்பா இருக்கும், தெரியும். என்னைக் கூப்பிடுங்க, கூட்டிட்டுப் போறேன்.

அருவங்காடு மாமா, இது உங்களுக்கு. "லைஃப் சர்டிபிகேட் கொடுக்கலை, பென்ஷன் நின்னுடும்"னு நவம்பர் பக்கத்துல போன் வரும். ஓடிபி சொன்னா போன்லயே முடிச்சுத் தர்றோம்பான். உடனே வச்சிடுங்க. பேங்க்லயோ போஸ்ட் ஆபீஸ்லயோ நேர்ல கொடுத்துக்கலாம்.

கூகுள் பே வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு. நமக்குப் பணம் வர்றதுக்கு பின் நம்பர் போடவே வேண்டாம். "பின் போட்டாத்தான் உங்களுக்குப் பணம் ஏறும்"னு சொன்னா, நம்ம பணத்தை எடுக்கப் பார்க்கறான்.

வாட்ஸ்அப்புல கல்யாணப் பத்திரிகை, பேங்க் நோட்டீஸ்னு .apk ன்னு முடியற பைல் வந்தா தொடாதீங்க, அனுப்பினது நானாவே இருந்தாலும் சரி. அதை ஏத்திட்டா நம்ம போனுக்கு வர்ற மெசேஜை அவன் அங்கிருந்தே படிச்சிடுவான். போலீஸ் யூனிபார்ம் போட்டுக்கிட்டு வீடியோவுல வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்"னு மிரட்டினாலும் பயப்படாதீங்க. அப்படி ஒரு கைதே நம்ம சட்டத்துல இல்ல.

அவன் அவசரப்படுத்தறதே நம்மளை யோசிக்க விடாம இருக்கத்தான். "பேங்க்ல வந்து பேசிக்கறேன்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வச்சிடுங்க. மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. சந்தேகம்னா ஏடிஎம் கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்கு நீங்களா போன் பண்ணுங்க. அவன் கொடுத்த நம்பருக்குப் பண்ணாதீங்க.

தெரியாம சொல்லிட்டீங்கன்னா, அந்த நிமிஷமே 1930-க்குக் கூப்பிடுங்க. இந்த மாதிரி பண மோசடிக்குன்னே அரசாங்கம் வச்சிருக்கற நம்பர் அது. நம்ம பக்கம் மழை பெஞ்சா டவர் போயிடும், பக்கத்து வீட்டு போனை வாங்கியாவது பண்ணுங்க. அடுத்து பேங்குக்குச் சொல்லி அக்கவுண்ட்டை நிறுத்தச் சொல்லுங்க. நாம சொன்னதுக்கு அப்புறமும் பணம் போனா அந்த நஷ்டம் பேங்கோடதுன்னு ரிசர்வ் பேங்க் 2017-லயே விதி போட்டிருக்கு. சீக்கிரம் சொன்னா, போன பணத்தை வழியிலயே மடக்கவும் வாய்ப்பு இருக்கு.

அத்தை ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லலை. "பசங்க திட்டுவாங்களோன்னு பயந்தேன்"னு அழுதாங்க. பணம் போனதைவிட அதுதான் எனக்குத் தாங்கலை. நம்ம வீட்டுல யாரும் உங்களைத் திட்ட மாட்டோம். ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் எனக்குப் போன் பண்ணுங்க.

இன்னைக்கே வீட்டுக் காலண்டர்ல 1930-ன்னு பெருசா எழுதி வைங்க. பெரியம்மாவுக்குக் கண் சரியாத் தெரியாது, ஞாயித்துக்கிழமை வரும்போது நானே ஸ்கெட்ச் பேனாவுல எழுதி போன் சார்ஜ் போடற இடத்துல ஒட்டிட்டுப் போறேன்.

குன்னூர்ல இருந்து,
உங்க ராஜி